‘இது எங்கள் டீம் இல்லை’ என்று டிக்கெட் திரும்பி வராமல் அனுப்புவது எப்படி

பெங்களூரில் அப்ளிகேஷன் சப்போர்ட் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரும் டிக்கெட்டுகளில் ஒரு பகுதி, அவர்களால் தீர்க்கவே முடியாததாக இருக்கும். கோளாறு டேட்டாபேஸில் இருக்கலாம், நெட்வொர்க்கில் இருக்கலாம், ஃபயர்வாலில் இருக்கலாம். அப்போது டிக்கெட்டை அந்த டீமுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய இரண்டு மணி நேரத்தில் அது திரும்பி வரும். கூடவே ஒரு வரி: ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.’

அந்த ஒரு வரி எழுதியவர் மேல் கோபம் வரும். ஆனால் பெரும்பாலும் அவர் கையில் இருந்ததைப் பார்த்தால் அவர் வேறு எதுவும் எழுதியிருக்க முடியாது. நீங்கள் அனுப்பியது ‘டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை, தயவுசெய்து பார்க்கவும்’ என்றால், அவர் டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடுகிறது. திருப்பி அனுப்புவார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் அது.

டிக்கெட் திரும்பி வராமல் இருக்க வேண்டுமானால், அனுப்புவதற்கு முன்பே சில சோதனைகளைச் செய்து, அந்தச் சோதனையின் முடிவையே காரணமாக எழுத வேண்டும். பொதுவாகச் சொன்னால் இது மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இணைப்பு அறுந்துபோகும் வகை இது. டீம் விட்டு டீம் அதிகம் அலைவது இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

டிக்கெட்

ஒயிட்ஃபீல்டில் அலுவலகம் உள்ள ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையர்களின் பில்களைப் பதிவேற்றும் போர்ட்டல் ஒன்று இருக்கிறது. திங்கள்கிழமை காலை 10:40-க்கு அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து டிக்கெட் வருகிறது: ‘பில் போர்ட்டல் சில சமயம் சுற்றிக்கொண்டே இருந்து எரர் காட்டுகிறது. மறுபடி முயன்றால் வேலை செய்கிறது.’

அப்ளிகேஷன் லாகைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

```
2025-06-16T05:08:12Z ERROR
SQLTransientConnectionException: HikariPool-1 - Connection is
  not available, request timed out after 30000ms.
Caused by: org.postgresql.util.PSQLException:
  The connection attempt failed.
Caused by: java.net.SocketTimeoutException: Connect timed out
```

புதியவர்கள் பலர் முதல் வரியோடு நின்றுவிடுவார்கள். ‘கனெக்‌ஷன் கிடைக்கவில்லை’ என்றிருக்கிறது, அதனால் டேட்டாபேஸில் கனெக்‌ஷன் தீர்ந்துவிட்டது, ஆகவே டேட்டாபேஸ் டீமுக்கு அனுப்பலாம் என்று போவார்கள். இந்த டிக்கெட் திரும்பி வருவதற்கான விதை இங்கேதான் விழுகிறது. முதல் வரி நம் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் கனெக்‌ஷன் பூல் சொல்வது. ‘கேட்டவருக்கு 30 நொடிக்குள் என்னால் ஒரு கனெக்‌ஷன் தர முடியவில்லை’ என்பதுதான் அதன் பொருள். ஏன் தர முடியவில்லை என்பது கடைசி `Caused by` வரியில் இருக்கிறது. எப்போதும் அதிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.

எந்த டீம் என்பதை எரர்தான் சொல்லும்

கடைசி வரி `Connect timed out`. இணைப்புக்கான முதல் பாக்கெட்டை அனுப்பினோம், பதிலே வரவில்லை என்று அர்த்தம். மறுப்புகூட வரவில்லை. இந்த மௌனத்துக்கும் மறுப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பாதி டிக்கெட்டுகளை முதல் தடவையிலேயே சரியான இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

டேட்டாபேஸ் மென்பொருள் பேசியிருந்தால் அதன் குரல் லாகில் இருந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தன் எல்லையைத் தொட்டுவிட்டால் `sorry, too many clients already` என்று சொல்லும். நம் சர்வரை அனுமதிக்கும் வரி அதன் அமைப்பில் இல்லையென்றால் `no pg_hba.conf entry for host` என்று நம் ஐபியையும் சேர்த்துச் சொல்லும். கடவுச்சொல் தவறென்றால் `password authentication failed`. இவற்றில் எது வந்தாலும் பாக்கெட் டேட்டாபேஸ் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, நடுவில் உள்ள நெட்வொர்க் தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்படிப்பட்ட டிக்கெட்டை ஃபயர்வால் டீமுக்கு அனுப்பினால் அவர்கள் உடனே திருப்பிவிடுவார்கள், திருப்புவது நியாயமும்கூட.

`Connection refused` என்பது இடைப்பட்டது. பெரும்பாலும் அந்த மெஷின் வரை போய்விட்டோம், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பொருள். டேட்டாபேஸ் சர்வீஸ் நின்றிருக்கலாம், அல்லது நாம் தவறான போர்ட்டைக் குறித்திருக்கலாம். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. சில ஃபயர்வால்களை மௌனமாகக் கைவிடாமல் மறுப்பு அனுப்பும்படியும் அமைக்கலாம். அப்போது அதுவும் நமக்கு refused என்றுதான் தெரியும்.

நம் டிக்கெட்டில் வந்திருப்பது மௌனம். டேட்டாபேஸ் மெஷின் முழுதாகவே படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழியில் ஏதோ ஒன்று பாக்கெட்டை விழுங்குகிறது.

‘சில சமயம்’ என்ற சொல்லை விடாதீர்கள்

‘மறுபடி முயன்றால் வேலை செய்கிறது’ என்று பயனர் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இந்த டிக்கெட்டின் சாவியே அதுதான். டேட்டாபேஸ் மெஷின் படுத்திருந்தால் எப்போது முயன்றாலும் தோல்விதான் வரும். சில சமயம் மட்டும் தோல்வி என்றால் ஏதோ ஒரு பாதை கெட்டிருக்கிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன.

எரர் வந்த வரிகளை சர்வர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இந்தப் போர்ட்டல் மூன்று சர்வர்களில் ஓடுகிறது: 10.20.1.11, 10.20.1.12, அப்புறம் சனிக்கிழமை புதிதாகச் சேர்த்த 10.20.1.27. எரர் முழுவதும் 27-இல் மட்டும். மற்ற இரண்டில் ஒன்றுகூட இல்லை. லோட் பேலன்சர் கோரிக்கைகளை மூன்றுக்கும் முறைவைத்து அனுப்புவதால், 27-க்குப் போன பயனருக்குத் தோல்வி, மறுபடி அழுத்தும்போது வேறு சர்வருக்குப் போய் வெற்றி. 27 கெட்டிருப்பது லோட் பேலன்சருக்கு ஏன் தெரியவில்லை? அது உடல்நிலை பார்க்கும் பக்கம் டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை. சர்வர் பதில் சொல்கிறது, அதனால் நல்ல சர்வர் என்று எடுத்துக்கொள்கிறது. (இதைத் திருத்துவது உங்கள் டீமின் வேலை. தனி டிக்கெட்டாகப் போட்டு வையுங்கள். இதிலேயே கலக்க வேண்டாம்.)

இனி ஒரே கட்டளையை இரண்டு சர்வர்களில் ஓட்டிப் பார்க்கலாம். முதலில் 27-இல்:

```
$ nc -vz -w 5 10.20.4.15 5432
nc: connect to 10.20.4.15 port 5432 (tcp) timed out:
  Operation now in progress
```

அதே நிமிடத்தில் 12-இல்:

```
$ nc -vz -w 5 10.20.4.15 5432
Connection to 10.20.4.15 5432 port [tcp/postgresql] succeeded!
```

உபுண்டுவில் வெளியீடு இப்படி இருக்கும். மற்ற லினக்ஸ்களில் சொற்கள் கொஞ்சம் மாறலாம்.

காரணத்தின் முதுகெலும்பு இந்த ஜோடிதான். தோல்வியுற்ற சோதனையை மட்டும் அனுப்பினால் அடுத்த டீமுக்கு ஆயிரம் சந்தேகம் வரும்: டேட்டாபேஸ் ஓடுகிறதா, போர்ட் சரியா, ஐபி மாறிவிட்டதா? வெற்றி பெற்ற சோதனையைப் பக்கத்தில் வைத்ததும் அவை எல்லாம் ஒரே அடியில் போய்விடுகின்றன. இரண்டுக்கும் சேருமிடம் ஒன்று, போர்ட் ஒன்று, நிமிடம் ஒன்று. மாறியது புறப்பட்ட ஐபி மட்டும். அதனால் ‘அதே நிமிடத்தில்’ என்பது முக்கியம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஓட்டிய இரண்டு சோதனைகள் எதையும் நிரூபிக்காது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இந்தச் சோதனையை உங்கள் லேப்டாப்பிலிருந்து ஓட்டுவதில் பயனில்லை. உங்கள் லேப்டாப்புக்கும் டேட்டாபேஸுக்கும் உள்ள பாதை வேறு. அங்கே தோற்பதுதான் பல நிறுவனங்களில் இயல்பே. சர்வரில் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், அனுமதி உள்ள சீனியரிடம் கேட்டு ஓட்டி வாங்குங்கள். ஓட்டாமல் அனுப்பாதீர்கள்.

எந்தக் குரூப்?

ஃபயர்வால் என்றதும் கை தானாக ‘நெட்வொர்க்’ என்று தொடங்கும் குரூப்புக்குப் போகும். பெரிய நிறுவனங்களில் பலவற்றில் ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் ஒரு டீமிடம் இருக்கும். ஃபயர்வால் விதிகள் பாதுகாப்பு டீமிடம் இருக்கும். டேட்டாபேஸ் மெஷினுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ் ஃபயர்வால் சர்வர் டீமிடம் இருக்கும். மூன்றையும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ‘நெட்வொர்க்’ என்று ஒரே பெயரில் சொல்வார்கள். குரூப் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். இதே வகையில் முன்பு தீர்ந்த டிக்கெட்டுகளைத் தேடுங்கள். டேட்டாபேஸின் ஐபியையோ போர்ட்டையோ தேடலில் போட்டால் பழையவை வரும். அதில் டிக்கெட் எந்தெந்தக் குரூப்புக்குப் போனது என்று பார்க்காமல், கடைசியாக எந்தக் குரூப் தீர்த்து மூடியது என்று பாருங்கள். டிக்கெட் யாரிடம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். தீர்த்தவர்தான் சொந்தக்காரர்.

குரூப்புக்கு அனுப்புங்கள், தனி ஆளுக்கு வேண்டாம். போன மாதம் உதவி செய்தவர் பெயரையே `Assigned to`-வில் போட்டுவிட்டால், அவர் விடுப்பில் இருந்தாலோ டீம் மாறியிருந்தாலோ டிக்கெட் அப்படியே கிடக்கும். குரூப்பில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள், ஏற்கெனவே ஒருவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள்.

அனுப்பும் முன் உங்கள் பக்கத்து வேலை

காரணம் தெரிந்ததும் உடனே அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் அக்கவுன்ட்ஸ்காரர்கள் இன்னமும் எரரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 27-ஐ லோட் பேலன்சரிலிருந்து எடுத்துவிட்டால் அவர்கள் வேலை உடனே சீராகும். மற்ற இரண்டும் சுமையைத் தாங்கும் என்று சீனியர் ஒப்புக்கொண்டால் அதைச் செய்துவிடுங்கள்.

செய்துவிட்டு, செய்ததை டிக்கெட்டில் கட்டாயம் எழுதுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு என்ன நடக்கும்? ஃபயர்வால் டீமில் டிக்கெட்டை எடுத்தவர் பயனரைக் கூப்பிட்டு ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்பார். ‘இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று பதில் வரும். டிக்கெட்டை மூடிவிடுவார். புதன்கிழமை யாராவது 27-ஐ மறுபடி சேர்ப்பார்கள், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

முன்னுரிமையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பயனருக்கு இப்போது பாதிப்பு இல்லையென்றால், அவசர நிலையிலேயே வைத்து அனுப்புவது நேர்மை இல்லை. அடுத்த முறை உண்மையிலேயே அவசரம் என்று நீங்கள் எழுதும்போது அவர்கள் நம்ப வேண்டும்.

காரணத்தை எழுதுவது

அலுவலகத்தில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தெரிவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்.

> பில் போர்ட்டலின் புதிய சர்வர் 10.20.1.27-இலிருந்து டேட்டாபேஸ் 10.20.4.15, டிசிபி போர்ட் 5432-க்கு இணைப்பு டைம் அவுட் ஆகிறது. இந்தச் சர்வர் ஜூன் 14 சனிக்கிழமை சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து ஒருமுறைகூட இணைப்பு வெற்றி பெற்றதாக லாகில் இல்லை.
>
> ஜூன் 16, இந்திய நேரம் 11:20-க்கு (யுடிசி 05:50) ஓட்டிய சோதனை: 10.20.1.27-இலிருந்து டைம் அவுட். அதே நிமிடம், அதே போர்ட்டுக்கு 10.20.1.12-இலிருந்து வெற்றி. இரண்டின் வெளியீடும் கீழே.
>
> டேட்டாபேஸ் டீமுக்கு அனுப்பாததற்குக் காரணம்: மற்ற இரண்டு சர்வர்களுக்கு டேட்டாபேஸ் பதில் தருகிறது. 27-க்கு டேட்டாபேஸிலிருந்து எந்த எரரும் வரவில்லை, பதிலே இல்லை.
>
> உங்களிடம் கேட்பது: 11:20 முதல் 11:25 வரை 10.20.1.27-இலிருந்து வந்த பாக்கெட்டுகள் ஃபயர்வாலில் தடுக்கப்பட்டனவா என்று லாகில் பார்த்துச் சொல்லவும். பழைய இரண்டு சர்வர்களுக்கு உள்ள விதியில் 27 இல்லை என்பது எங்கள் ஊகம்.
>
> எங்களால் பார்க்க முடியாதது: பாக்கெட் டேட்டாபேஸ் மெஷின் வரை வருகிறதா என்பது. ஃபயர்வால் லாகில் அனுமதிக்கப்பட்டது என்று இருந்தால் டிக்கெட்டை எங்களுக்கே திருப்பவும். அடுத்து சர்வர் டீமோடு பார்ப்போம்.
>
> இப்போதைய நிலை: 27-ஐ 11:30-க்கு லோட் பேலன்சரிலிருந்து எடுத்துவிட்டோம். பயனர்களுக்கு இப்போது எரர் வராது. ஆனால் கோளாறு தீரவில்லை. 27-இலிருந்து கீழே உள்ள கட்டளையை ஓட்டினால் இன்னும் தோற்கும்.

இதில் சில இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் நேரம். லாகில் `05:08:12Z` என்று இருந்தது. கடைசியில் உள்ள `Z` யுடிசியைக் குறிக்கிறது, இந்திய நேரத்தில் அது காலை 10:38. இதைக் கவனிக்காமல் ‘5:08-க்கு எரர்’ என்று எழுதினால், ஃபயர்வால் டீம் தங்கள் லாகில் அதிகாலை 5:08-ஐத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. ‘குறிப்பிட்ட நேரத்தில் எந்தத் தடுப்பும் இல்லை’ என்று உண்மையாகவே எழுதித் திருப்பிவிடுவார்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தால் ஒரு நாள் போகும். இரண்டு நேரத்தையும் எழுதுங்கள். முடிந்தால் பழைய எரரின் நேரத்தைவிட நீங்களே இப்போது ஓட்டிய சோதனையின் நேரத்தைக் கொடுங்கள். தேட வேண்டிய இடைவெளி ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, கேள்வி. ‘தயவுசெய்து பார்க்கவும்’ என்றால் எதைப் பார்ப்பது என்று அவர் ஊகிக்க வேண்டும். ‘இந்த ஐந்து நிமிடத்தில் இந்த ஐபி தடுக்கப்பட்டதா’ என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான். பதில் சொல்ல அவர் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அப்புறம் ஊகத்தை ஊகம் என்றே எழுதியிருப்பது. ‘ஃபயர்வாலில் விதி இல்லை’ என்று உறுதியாக எழுதினால், விதி இருக்கும் பட்சத்தில் அந்த ஒரு தவறைக் காட்டியே முழு டிக்கெட்டையும் திருப்ப முடியும். பார்த்ததையும் நினைப்பதையும் பிரித்து வைத்தால் ஊகம் தவறானாலும் சோதனை முடிவு நிற்கும்.

எந்த நிலையில் டிக்கெட்டை நமக்குத் திருப்ப வேண்டும் என்று நாமே எழுதியிருக்கிறோம். இதற்குப் புதியவர்கள் தயங்குவார்கள், திரும்பி வர நாமே வழி காட்டுகிறோமே என்று. எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை, எழுதத்தான் வேண்டும். டைம் அவுட்டுக்கு ஃபயர்வால் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. டேட்டாபேஸ் மெஷினின் உள் ஃபயர்வாலோ, தவறான ரவுட்டோகூட இதே அறிகுறியைத் தரும். ஃபயர்வால் டீம் ‘அனுமதித்தோம், இதோ லாக்’ என்று திருப்பினால், ஒரு காரணம் கழிந்த நிலையில்தான் டிக்கெட் வருகிறது. அந்த லாகையே ஒட்டி சர்வர் டீமுக்கு அனுப்பலாம். அவர்கள் டேட்டாபேஸ் மெஷினில் `tcpdump` ஓட்டினால் பாக்கெட் வருகிறதா என்று தெரிந்துவிடும். இப்படிக் கை மாறுவது வீண் அலைச்சல் அல்ல. 2011-இல் விண்டோஸ் விஸ்டாவின் பிழைப் பதிவுகள் கை மாறியதை ஆராய்ந்த ஓர் ஆய்வு, காரணங்களை ஐந்தாகப் பிரித்தது. மூல காரணத்தைத் தேடுவது, யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது, பதிவின் தரக்குறைவு, சரியான தீர்வு எது என்று தெரியாதது, வேலையைப் பங்கிடுவது என்பவை அவை. கை மாறுவதெல்லாம் கெடுதல் அல்ல என்றும் அது சொன்னது. நாம் தவிர்க்கப் பார்ப்பது பதிவின் தரக்குறைவால் வரும் அலைச்சலை.

எங்கே எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சர்வீஸ்நவ் பயன்படுத்தும் இடங்களில் `Work notes` உள்ளே வேலை செய்பவர்களுக்கு மட்டும் தெரியும். `Additional comments` பயனருக்கும் போகும். ஐபிக்களும் லாகும் முதலாவதில். பயனருக்கு ‘இப்போது போர்ட்டல் வேலை செய்யும், புதிய சர்வரின் இணைப்பைப் பாதுகாப்பு டீம் பார்க்கிறது’ என்று இரண்டாவதில் ஒரு வரி. லாகை ஒட்டும்போது அதில் கடவுச்சொல்லோ சப்ளையரின் வங்கி விவரமோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு ஃபோன், அப்புறம் அதன் பதிவு

எழுதி முடித்ததும், அனுப்பும் முன் அந்த டீமின் ஆன்-கால் ஆளை ஒருமுறை கூப்பிடுவது நல்லது. பெங்களூரில் மறுமுனையில் நம் ஊர்க்காரர் இருப்பது அபூர்வமும் அல்ல. பேச்சு இப்படிப் போகலாம்:

‘ப்ரோ, பில் போர்ட்டல் டிக்கெட் ஒண்ணு உங்க குரூப்புக்கு அனுப்பப் போறேன். புது சர்வர்லேர்ந்து டேட்டாபேஸுக்கு டைம் அவுட்.’

‘சோர்ஸ் ஐபி, போர்ட் எல்லாம் போட்டிருக்கீங்களா?’

‘போட்டிருக்கேன். பழைய சர்வர்லேர்ந்து போகுது, அந்த டெஸ்டும் இருக்கு.’

‘அப்ப லாக் பார்த்துச் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு, விதி சேர்க்கணும்னா இன்சிடென்ட்ல செய்ய மாட்டோம். தனியா ரிக்வெஸ்ட் போட்டு அப்ரூவல் வாங்கணும்.’

கடைசியாக அவர் சொன்னது மிக முக்கியம். ஃபயர்வாலில் புதிய விதி சேர்ப்பது பல நிறுவனங்களில் கோளாறு டிக்கெட்டில் நடக்காது. அதற்கு வேறு படிவம், அதில் பாதுகாப்பு ஒப்புதல். ‘விதியைச் சேர்க்கவும்’ என்று கோளாறு டிக்கெட்டில் கேட்டால், உங்கள் காரணம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ‘ரிக்வெஸ்ட் போடவும்’ என்று திரும்பும். அதனால்தான் மேலே எழுதிய குறிப்பில் லாகைப் பார்த்துச் சொல்லும்படி மட்டும் கேட்டோம். தடுப்பு உறுதியானதும் ரிக்வெஸ்ட்டை நீங்களே போட்டு, அதன் எண்ணை இந்த டிக்கெட்டில் குறித்து, இரண்டையும் இணையுங்கள்.

ஃபோனில் தமிழில் பேசியது எவ்வளவு இணக்கமாக இருந்தாலும், பேசி முடிவானதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாக `Work notes`-இல் போடுங்கள். இரவு ஷிஃப்டில் டிக்கெட்டை எடுப்பவர் ஹூப்ளிக்காரராகவோ புவனேஸ்வர்காரராகவோ இருக்கலாம். உங்கள் ஃபோன் பேச்சு அவருக்குத் தெரியாது.

எந்த நேரத்தில்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டிக்கெட்டை மாற்றிவிட்டு ஊருக்கு பஸ் பிடிக்க மடிவாளாவுக்குக் கிளம்புவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்த நேரத்தில் எடுப்பவர் ஒரு சந்தேகம் கேட்டு எழுதினால் திங்கள் காலை வரை பதில் இருக்காது. கேள்விக்குப் பதில் இல்லாத டிக்கெட் உங்கள் குரூப்புக்கே திரும்பும். அவசரம் இல்லாததை வெள்ளி மதியத்துக்கு முன் அனுப்பிவிடுங்கள். அதற்கு மேல்தான் அனுப்ப முடியும் என்றால், வார இறுதியில் பதில் சொல்லக்கூடிய உங்கள் டீம்காரரிடம் முன்பே சொல்லி, அவர் பெயரைக் குறிப்பின் கடைசியில் போடுங்கள்.

அனுப்பிய பிறகு

சர்வீஸ்நவ்வில் `Assignment group` மாறியதும் டிக்கெட் உங்கள் வரிசையிலிருந்து மறைந்துவிடும். பார்வையிலிருந்து போகாமல் இருக்க `Watch list`-இல் உங்கள் பெயரைச் சேருங்கள். அடுத்த நாள் காலை ஒருமுறை திறந்து பாருங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால் குரூப்பின் லீடுக்கு டிக்கெட் எண்ணோடு ஒரு வரி அனுப்புங்கள்.

காரணம் இல்லாமல் திரும்பி வந்தால், அதே குறிப்போடு மறுபடி அவர்களுக்கே தள்ளாதீர்கள். `Reassignment count` ஏறும், வேறு எதுவும் நடக்காது. திருப்பியவரைக் கூப்பிட்டு எந்த லாகை, எந்த நேரத்துக்கு, எந்த ஐபிக்குப் பார்த்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் பார்த்த நேரமோ ஐபியோ வேறாக இருக்கும். சர்வரின் ஐபி வழியில் வேறொன்றாக மாற்றப்படுவதும் உண்டு. அப்படி இருந்தால் ஃபயர்வாலில் தெரியும் ஐபி எது என்று அவரிடமே கேட்டுக் குறிப்பில் சேருங்கள். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், தடுப்பு இல்லை என்றால், அந்த லாகை டிக்கெட்டில் ஒட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு சர்வர் டீமுக்குப் போங்கள். இரண்டு டீமும் ஒருவரையொருவர் காட்டினால், மூன்று பேரையும் பதினைந்து நிமிடம் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் உட்கார வைத்து, நீங்கள் 27-இலிருந்து `nc` ஓட்ட, அவர்கள் இருவரும் தங்கள் பக்கம் அதே நொடியில் பார்க்கட்டும்.

நம் டிக்கெட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. தடுப்பு உறுதியாகி, ரிக்வெஸ்ட் ஒப்புதலாகி, விதியில் 27 சேர்ந்ததும் ஃபயர்வால் டீம் ‘முடிந்தது’ என்று எழுதும். அதை நம்பி உடனே 27-ஐ லோட் பேலன்சரில் சேர்க்க வேண்டாம். முதலில் அதே `nc` கட்டளையை 27-இலிருந்து ஓட்டுங்கள். `succeeded` என்று வந்த பின் அப்ளிகேஷன் லாகில் டேட்டாபேஸ் இணைப்பு உண்மையிலேயே ஏற்படுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பாதை திறந்த பிறகு `no pg_hba.conf entry for host "10.20.1.27"` என்று புதிதாக ஓர் எரர் வரக்கூடும். புதிய சர்வரை ஃபயர்வாலில் சேர்க்க மறந்தவர்கள் டேட்டாபேஸ் அமைப்பில் சேர்க்கவும் மறந்திருப்பார்கள். அப்போது ஃபயர்வால் டிக்கெட்டை மறுபடி திறக்காதீர்கள், அவர்கள் வேலை முடிந்துவிட்டது. அந்த எரர் வரியோடு டேட்டாபேஸ் டீமுக்குப் புதிய டிக்கெட் போடுங்கள்.